எழுபத்திரண்டுக்குள் ஒளிந்திருக்கும் நான்கு மாதம்

அஞ்சலகத்தில் விற்கும் கிசான் விகாஸ் பத்திரத்துக்கு ஒரே ஒரு வாக்குறுதிதான். போட்ட பணம் இத்தனை மாதத்தில் இரண்டு மடங்காகும். 2023 ஏப்ரலில் அரசு அறிவித்த கணக்குப்படி வட்டி 7.5 சதவீதம், இரட்டிப்பாக 115 மாதம். வாங்கப் போகிறவர்களிடம் முகவர்கள் வட்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. “ஒன்பதரை வருஷத்துல டபுள் சார்” என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

7.5 சதவீதம் என்றால் ஏன் 115 மாதம்? பணம் பற்றிக் கொஞ்சம் படித்தவர்கள் இதற்கு உடனே ஒரு குறுக்குவழி சொல்வார்கள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைத்துவிடும். 72-ஐ 7.5-ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு, அதாவது 115.2 மாதம். அரசு சொன்னதற்கும் இதற்கும் ஆறு நாள்தான் வித்தியாசம். இவ்வளவு கச்சிதமாக வந்தால் யாருக்கும் நம்பிக்கை பிறந்துவிடும். பிறகு வங்கி வைப்பு, கைமாற்றுக் கடன், கிரெடிட் கார்டு பாக்கி என்று எதை எடுத்தாலும் 72-ஐ வகுக்கத் தொடங்குவோம். அங்கேதான் இந்த விதி சறுக்குகிறது. எங்கே சறுக்கும், எவ்வளவு சறுக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், நன்றாக வேலை செய்யும் இந்த இடத்திலேயே முதலில் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சோதிக்கப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். பெருக்கல் போதும். பத்தாயிரம் ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் கையிருப்பை 1.075-ஆல் பெருக்க வேண்டும். முதல் ஆண்டு முடிவில் 10,750 ரூபாய். இரண்டாம் ஆண்டு 11,556 ரூபாய் 25 காசு. முதல் ஆண்டு வட்டியான 750 ரூபாய்க்கும் வட்டி சேர்ந்ததால் இரண்டாம் ஆண்டின் வட்டி 806 ஆகிவிட்டது. இப்படியே போனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் 14,356 ரூபாய். பாதிக் காலத்துக்கு மேல் கடந்தும் பாதி வட்டி வந்து சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டு வட்டி எப்போதும் பின்பாதியில்தான் ஓடும். எட்டாம் ஆண்டில் 17,835, ஒன்பதாம் ஆண்டு முடிவில் 19,172, பத்தாம் ஆண்டு முடிவில் 20,610. ஆக, இருபதாயிரத்தைத் தாண்டுவது பத்தாம் ஆண்டின் நடுவில் எங்கோ.

அந்த இடத்தையும் பிடித்துவிடலாம். ஒன்பது ஆண்டு முடிந்தபோது இருபதாயிரத்துக்கு 828 ரூபாய் குறைகிறது. பத்தாம் ஆண்டு முழுவதற்குமான வட்டி 1,438 ரூபாய். இந்த வட்டி மாதாமாதம் சமமாக ஊறுகிறது என்று கொண்டால், 828 ரூபாய் ஊற ஏறக்குறைய 6.9 மாதம் ஆகும். ஒன்பது ஆண்டுக்கு 108 மாதம், அதோடு 6.9 மாதம் சேர்த்தால் 114.9 மாதம்.

கணினி வைத்திருப்பவர்கள் இதையே ஒரு வரியில் முடிக்கலாம். பள்ளியில் படித்த மடக்கைதான். எத்தனை முறை 1.075-ஐத் தன்னோடு தானே பெருக்கினால் 2 வரும் என்ற கேள்விக்கு விடை, 2-இன் மடக்கையை 1.075-இன் மடக்கையால் வகுத்தால் வருவது. எக்செல் தாளில் இப்படி அடிக்க வேண்டும்:

```
=LN(2)/LN(1.075)
```

விடை 9.584 ஆண்டு. பன்னிரண்டால் பெருக்கினால் 115.01 மாதம். கையால் பெருக்கியபோது 114.9 வந்ததே என்று கேட்கலாம். கடைசி அரைகுறை ஆண்டில் வட்டி நேர்கோட்டில் ஊறுவதாக நாம் வைத்துக்கொண்டோம், மடக்கையோ அந்த ஆண்டுக்குள்ளும் கூட்டு வட்டி வளைவிலேயே போகிறது. வித்தியாசம் மூன்று நாள். இரண்டு வழியிலும் முழு மாதம் 115 என்பதில் சந்தேகமில்லை.

அரசு அறிவிப்பும் மடக்கையும் எப்போதும் இப்படிக் கைகோத்துப் போவதில்லை என்பது தனிச் சுவாரசியம். 2020 ஏப்ரலில் வட்டியை 6.9 சதவீதமாகக் குறைத்து 124 மாதம் என்றார்கள். துல்லியமான கணக்கு 124.66. அதாவது பத்திரக்காரருக்கு அரசு ஏறக்குறைய இருபது நாளை விட்டுக்கொடுத்தது. 2023 ஜனவரியில் 7.2 சதவீதத்துக்கு 120 மாதம் என்றார்கள். துல்லியக் கணக்கு 119.64. இந்த முறை பத்திரக்காரர் பதினொரு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். மாதத்தை முழு எண்ணாக்கும்போது வரும் சில்லறைதான் இது. ஆனாலும் கையில் வாங்கும் தொகையைத் தீர்மானிப்பது அந்த மாதக் கணக்குதான் என்பதால், இரண்டும் முரண்படும் இடத்தில் மாதத்தையே நம்ப வேண்டும்.

சரி, 72-க்கு வருவோம். 7.5 சதவீதத்துக்கு அது காட்டியது 115.2 மாதம், உண்மை 115.01. இந்தத் தவறு ரூபாயில் எவ்வளவு? 9.6 ஆண்டு முடிவில் பத்தாயிரம் 20,023 ரூபாய் ஆகியிருக்கும். 23 ரூபாய் பிசகு. மனக்கணக்குக்கு இதைவிடத் துல்லியம் யாரும் கேட்க முடியாது.

இந்தப் பத்திரத்தின் பழைய வரலாற்றைப் பார்த்தால் கதை மாறுகிறது. கிசான் விகாஸ் பத்திரம் முதன்முதலில் வெளிவந்தது 1988 ஏப்ரல் 1-இல். அப்போது பணம் இரட்டிப்பாக ஐந்தரை ஆண்டு போதும். வட்டிகள் எல்லாம் உயரத்தில் இருந்த காலம் அது. அந்தப் பத்திரத்தின் உண்மையான வட்டி என்ன என்று 72-ஐக் கொண்டு கேட்டால், 72-ஐ 5.5-ஆல் வகுத்து 13.09 சதவீதம் என்கிறது. சரிபார்ப்போம். 1.1309-ஐ எடுத்துக்கொண்டு ஐந்தரை ஆண்டுக்குப் பெருக்கினால் பத்தாயிரம் ஏறக்குறைய 19,670 ரூபாய்தான் ஆகிறது. இருபதாயிரத்துக்கு 330 ரூபாய் குறைகிறது. உண்மையான வட்டி 13.43 சதவீதம். நம் விதி மூன்றில் ஒரு சதவீதத்தை விழுங்கிவிட்டது. திருப்பிப் பார்த்தாலும் அதே சிக்கல். 13.43-ஆல் 72-ஐ வகுத்தால் 64.3 மாதம் வருகிறது. பத்திரத்தில் அச்சிட்டிருந்ததோ 66 மாதம். ஒரே பத்திரம், ஒரே மாதிரி வட்டிச் சேர்ப்பு. 7.5-இல் ஆறு நாள்கூடத் தவறாத விதி 13.43-இல் ஒன்றே முக்கால் மாதம் தவறுகிறது. ஏன்?

காரணத்தைப் பிடிக்க, இல்லாத ஒரு பத்திரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அதில் வட்டி ஆண்டு முடிவில் அசலோடு சேர்வதில்லை. ஊறிய கணமே சேர்ந்துவிடுகிறது, சேர்ந்த கணமே அந்த வட்டியும் வட்டி ஈட்டத் தொடங்குகிறது. இப்படிப்பட்ட பத்திரத்தில் வட்டி விகிதத்தையும் இரட்டிப்பாகும் ஆண்டுகளையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண்தான் வரும். அது 69.3. இது 2-இன் இயல் மடக்கையான 0.693-இன் நூறு மடங்கு. வட்டி 2 சதவீதமானாலும் 20 சதவீதமானாலும் இந்த எண் மாறாது. 7.5 சதவீதத்துக்கு 69.3-ஐ வகுத்தால் 9.24 ஆண்டு, 110.9 மாதம்.

ஆனால் நிஜப் பத்திரம் 115 மாதம் எடுத்துக்கொள்கிறது. இடையில் இருக்கும் நான்கு மாதம், வட்டி காத்திருந்ததற்கான விலை. ஜனவரியில் ஊறிய வட்டி அசலோடு சேர டிசம்பர் முடியும்வரை சும்மா கிடக்கிறது. ஜூனில் ஊறியது அரை ஆண்டு கிடக்கிறது. அந்தச் சும்மா கிடந்த நாட்களில் அது எதையும் ஈட்டவில்லை. இந்தச் சிறு இழப்புகள் எல்லாம் சேர்ந்துதான் கடைசியில் இரட்டிப்பை நான்கு மாதம் தள்ளிவைக்கின்றன.

இதில் ஆச்சரியமான விஷயம், வட்டி விகிதம் எதுவானாலும் அந்தத் தாமதம் கிட்டத்தட்ட அதே நான்கு மாதம்தான் என்பது. வட்டி அதிகமாக இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பில் இழப்பது அதிகம், ஆனால் இரட்டிப்பு சீக்கிரம் வந்துவிடுவதால் இழக்கும் ஆண்டுகள் குறைவு. ஒன்று ஏற, மற்றது இறங்க, கணக்கு நேராகிவிடுகிறது. 2 சதவீத வட்டியில் தாமதம் 4.1 மாதம். 36 சதவீதத்தில் 3.9 மாதம். இடையில் உள்ள எல்லா வட்டிக்கும் நான்கை ஒட்டியே வரும்.

ஆக, ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும் எந்தக் கணக்குக்கும் ஒரு நல்ல வழி இருக்கிறது. 69.3-ஐ வட்டியால் வகுத்து, வரும் விடையோடு நான்கு மாதம் கூட்டிவிடுங்கள். 1988 பத்திரத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 69.3-ஐ 13.43-ஆல் வகுத்தால் 5.16 ஆண்டு, 61.9 மாதம். நான்கைக் கூட்டினால் 65.9. பத்திரத்தில் இருந்தது 66. 2020-ஆம் ஆண்டுப் பத்திரத்துக்கு 6.9-ஆல் வகுத்தால் 120.5 மாதம், நான்கைக் கூட்டினால் 124.5. துல்லியக் கணக்கு 124.66 என்று மேலே பார்த்தோம்.

72 செய்யும் தந்திரம் இப்போது விளங்கும். 72 என்பது 69.3-உம் 2.7-உம். கூட்ட வேண்டிய நான்கு மாதத்தைத் தனியாகக் கூட்டாமல், வகுக்கப்படும் எண்ணுக்குள்ளேயே 2.7-ஆகத் திணித்துவிட்டார்கள். அந்த 2.7-ஐ வட்டியால் வகுக்கும்போது வருவதுதான் 72 கூட்டிக்கொடுக்கும் தாமதம். வட்டி 8 சதவீதமானால் 2.7-ஐ 8-ஆல் வகுத்து மூன்றில் ஒரு ஆண்டு, சரியாக நான்கு மாதம். விதி கச்சிதமாக உட்கார்ந்துவிடும். வட்டி 2 சதவீதமானால் அதே 2.7 பதினாறு மாதமாக வீங்கிவிடும். கூட்ட வேண்டியது நான்குதான், எனவே விதி ஓர் ஆண்டு அதிகமாகச் சொல்லும். வட்டி 36 சதவீதமானால் 2.7 ஒரு மாதத்துக்கும் கீழே சுருங்கிவிடும், விதி மூன்று மாதம் குறைவாகச் சொல்லும். எட்டு சதவீதத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. ஏழுக்கும் ஒன்பதுக்கும் தாராளமாகப் பொருந்தும், இரண்டுக்குத் தொளதொளக்கும், இருபதுக்குப் பிடிக்கும்.

பிறகு ஏன் 69.3-ஐ விட்டுவிட்டு 72-ஐப் பிடித்துக்கொண்டார்கள்? மனதில் வகுக்க எளிது என்பது ஒரு காரணம். 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாம் 72-ஐ மிச்சமின்றி வகுக்கும். இந்த விதி எழுத்தில் வந்த பழைய இடம், லூகா பச்சோலி என்ற இத்தாலியத் துறவி 1494-இல் வெனிஸில் அச்சிட்ட கணிதப் பெருநூல். இரட்டிப்பாகும் ஆண்டை அறிய 72-ஐ வட்டியால் வகு என்று சொல்கிறார், ஏன் என்று சொல்லவில்லை. மடக்கை பற்றிய முதல் நூலை ஜான் நேப்பியர் வெளியிட்டதே 1614-இல்தான். அதற்கு நூற்றிருபது ஆண்டு முன்பு புழங்கிய விதி என்றால், யாரோ வணிகக் கணக்கர்கள் நாம் மேலே செய்ததைப் போலப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தே இதைக் கண்டிருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

72 மிச்சமின்றி வகுபடுவதில் சோதிப்பவருக்கும் ஒரு வசதி உண்டு. வட்டியும் ஆண்டும் முழு எண்ணாக வருவதால் மடக்கையே தேவையில்லை, கால்குலேட்டரில் அத்தனை முறை பெருக்கினால் போதும். 8 சதவீதத்துக்கு 9 ஆண்டு என்கிறது விதி. 1.08-ஐ ஒன்பது முறை பெருக்கினால் பத்தாயிரம் 19,990 ஆகிறது. பத்து ரூபாய்தான் குறை. 6 சதவீதத்துக்கு 12 ஆண்டு என்றால் 20,122. 4 சதவீதத்துக்கு 18 ஆண்டு என்றால் 20,258, அதாவது சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் விதி சொல்வதற்குச் சில மாதம் முன்பே இரட்டிப்பாகிவிடும். மேல்பக்கம் போனால் 12 சதவீதத்துக்கு 6 ஆண்டில் 19,738, 24 சதவீதத்துக்கு 3 ஆண்டில் 19,066, 36 சதவீதத்துக்கு 2 ஆண்டில் 18,496. இரட்டிப்பு என்று விதி கைகாட்டும் நாளில் ஆயிரத்தைந்நூறு ரூபாய் துண்டு விழுகிறது. விதியின் பிழையை மாதத்தில் பார்ப்பதைவிட இப்படி ரூபாயில் பார்ப்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும் கணக்கு. நம்மில் பலரும் பணம் போட்டு வைத்திருக்கும் வங்கி ஃபிக்சட் டெபாசிட் அப்படி அல்ல. இந்தியாவில் வங்கிகள் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்க்கின்றன. 7 சதவீதம் என்று பலகையில் எழுதியிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1.75 சதவீதம் சேர்கிறது என்று பொருள்.

இதற்கு 72-ஐ அப்படியே போட்டால் 10.29 ஆண்டு, பத்து ஆண்டு மூன்றரை மாதம். ஒரு லட்சம் போட்டிருந்தால் பத்தாம் ஆண்டு முடிவில் இரண்டு லட்சம் ஆகியிருக்காது என்றே நினைப்போம். உண்மையில் நாற்பது காலாண்டுக்கு 1.0175-ஆல் பெருக்கினால் 2,00,160 ரூபாய் வருகிறது. பத்து ஆண்டிலேயே இரட்டிப்பு முடிந்து, காப்பிச் செலவுக்கு 160 ரூபாய் மீதியும் இருக்கிறது. இதே 7 சதவீதம் ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் பத்தாம் ஆண்டில் 1,96,715 ரூபாய்தான். வட்டி விகிதம் ஒன்றே, சேரும் தவணை மாறியதால் 3,445 ரூபாய் வித்தியாசம்.

தாமதக் கணக்கு இங்கே அழகாக வேலை செய்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால் வட்டி அதிகபட்சம் ஓர் ஆண்டு காத்திருக்கும், அதற்கான விலை மூன்றில் ஒரு ஆண்டு, நான்கு மாதம். காலாண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால் காத்திருப்பு மூன்று மாதம், விலை அதில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாதம். மாதம் ஒருமுறை சேர்ந்தால் பத்து நாள். எந்தத் தவணையானாலும் அதில் மூன்றில் ஒன்று. 69.3-ஐ 7-ஆல் வகுத்தால் 9.9 ஆண்டு, அதோடு ஒரு மாதம், பத்து ஆண்டு ஆகிவிட்டது. 72-ஐயே விட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வங்கிகள் சில இடங்களில் ஆண்டு விளைவு வட்டி என்று தனியாகக் காட்டுவார்கள். காலாண்டுக்கு 1.75 சதவீதம் ஓர் ஆண்டில் 7.19 சதவீதத்துக்குச் சமம். 72-ஐ 7-ஆல் வகுக்காமல் 7.19-ஆல் வகுத்தால் பத்து ஆண்டு வந்துவிடும். விதியின் மீது குறையில்லை, தப்பான எண்ணை ஊட்டியதே குறை.

வைப்புக்காரர்கள் வேறு ஒன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலாண்டு வட்டியைக் கையில் வாங்கிக்கொள்ளும் வகை டெபாசிட் என்றால் அசல் அசலாகவே நிற்கும், இரட்டிப்பு என்ற பேச்சே கிடையாது. வட்டியிலிருந்து வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் சேர்த்தால், வகுக்க வேண்டியது பலகையில் உள்ள 7 அல்ல, வரி போக மிஞ்சும் விகிதம்.

ஊர்ப்புறத்துக் கடனுக்கு வந்தால் பிழை இன்னும் பெரிதாகிறது. “ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். இந்தக் கடன்களில் பெரும்பாலும் தனி வட்டிதான். மாதாமாதம் வட்டியைக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் பாக்கி நிற்கும், பாக்கிக்கு வட்டி ஏறாது. அப்படியானால் இதற்கு 72 பொருந்தாது. நூறை இரண்டால் வகுத்தால் ஐம்பது மாதத்தில் பாக்கி வட்டி அசலைத் தொடும்.

ஆனால் நோட்டை மாற்றி எழுதும் வழக்கமும் இருக்கிறது. கட்டாத வட்டியை அசலோடு சேர்த்துப் புதிய தொகைக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொள்வார்கள். மாதந்தோறும் வட்டி அசலோடு சேர்வதாகவே வைத்துக்கொண்டால், 72-ஐ 2-ஆல் வகுத்து 36 மாதம் என்கிறது விதி. ஒரு லட்சத்தை 1.02-ஆல் 35 முறை பெருக்கிப் பாருங்கள். 1,99,989 ரூபாய். இரண்டு லட்சத்துக்குப் பதினொரு ரூபாய்தான் பாக்கி. ஆக இரட்டிப்பு முப்பத்தைந்தாம் மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. முப்பத்தாறாம் மாதம் வரை பொறுத்தால் கடன்காரர் 2,03,989 ரூபாய் தர வேண்டியிருக்கும். தாமதக் கணக்கு இதையும் சரியாகச் சொல்கிறது. 69.3-ஐ 2-ஆல் வகுத்தால் 34.65 மாதம், அதோடு தவணையில் மூன்றில் ஒன்று.

நோட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றி எழுதுகிறார்கள் என்றால் கணக்கு வேறு. அப்போது வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், தவணை ஓர் ஆண்டு. 69.3-ஐ 24-ஆல் வகுத்து நான்கு மாதம் கூட்டினால் 38.7 மாதம். 72-ஓ இதற்கும் 36 மாதம் என்றே சொல்லும், ஏனென்றால் அதற்குத் தவணை தெரியாது. ஒரே ரெண்டு வட்டிக் கடன், எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து 35 மாதத்திலோ, 39 மாதத்திலோ, 50 மாதத்திலோ இரட்டிப்பாகிறது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதம் என்றால் இதே வழியில் 23.4 மாதம்.

கடைசியாக, விதியைத் தலைகீழாகப் பயன்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட உபயோகமாகப் படுகிறது. யாராவது வந்து “அஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்கு, வருஷத்துக்கு இருபது பர்சன்ட் ஆச்சே” என்று சொன்னால், அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நூறு சதவீத லாபத்தை ஐந்தால் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 72-ஐ ஐந்தால் வகுத்தால் 14.4. இது எட்டிலிருந்து தள்ளி இருக்கும் எண் என்பதால், விதி கொஞ்சம் குறைத்தே காட்டும் என்று இப்போது நமக்குத் தெரியும். நான்கு மாதத்தை எடுத்துவிட்டு 69.3-ஐ வகுத்துப் பார்க்கலாம். ஐந்து ஆண்டு என்பது 60 மாதம், நான்கு போனால் 56, அதாவது 4.67 ஆண்டு. 69.3-ஐ 4.67-ஆல் வகுத்தால் 14.85. எக்செல்லில் `=2^(1/5)-1` என்று அடித்தால் 14.87 சதவீதம். உண்மையிலேயே இருபது சதவீதக் கூட்டு வட்டி என்றால் பத்தாயிரம் ரூபாய் ஐந்தாம் ஆண்டில் 24,883 ஆகியிருக்க வேண்டும். அதே சூட்டில் அஞ்சலகப் பத்திரத்தையும் ஒருவர் 10.4 சதவீதம் என்று விற்றுவிட முடியும். நூறை 115 மாதத்தால் வகுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் அதுதான் வருகிறது. பத்திரத்தின் வட்டி 7.5 சதவீதத்துக்கு ஒரு துளியும் மேலே இல்லை.